வாவிக்கரையில் தலைப்பிறை: நோன்பின் முதல் நாள் விலகுவதன் இரு காரணங்கள்

மட்டக்களப்பு வாவியை ஒட்டிய முஸ்லிம் ஊர்களில் சில ஆண்டுகளில் ஒரு வீட்டார் ரமழான் நோன்பைத் தொடங்கிய மறுநாள்தான் அயல்வீட்டார் தொடங்குகின்றனர். இதைப் பொதுவாகப் ‘பிறைப் பிரச்சினை’ என்கிறோம். அந்த ஒரே பெயருக்குள் இரு வேறு பிரச்சினைகள் உள்ளன என்பதும், ஒன்றுக்கான தீர்வு மற்றொன்றுக்குப் பொருந்தாது என்பதும் இக்கட்டுரையின் வாதம். முதலாவது, எந்த ஊர் வானில் தெரியும் பிறை நம்மைக் கட்டுப்படுத்தும் என்ற எல்லைக் கேள்வி. இரண்டாவது, கண்டோம் என்பவரின் சாட்சியத்தை ஏற்பதா என்ற கேள்வி.

எல்லைக் கேள்விக்கு 2025 தெளிவான சான்று. பெப்ரவரி 28 இலங்கையில் ஷஃபான் பிறை 29. தலைப்பிறை பார்க்க வேண்டிய மாலை. அன்று காலை 6.15 அளவில்தான் சூரிய சந்திர சங்கமம் நிகழ்ந்திருந்தது. மட்டக்களப்பில் சூரியன் மறைந்ததும் ஏறத்தாழ 6.15க்கே. ஆகவே மஃரிப் வேளையில் பிறையின் வயது 12 மணி நேரம். சூரியனிலிருந்து அதன் விலகல் ஏறக்குறைய 7 பாகை. விலகல் இதற்குக் குறைந்தால் பிறையின் ஒளிக்கோடே உருவாகாது என்று பிரெஞ்சு வானியலாளர் தான்ஜோன் கணித்தார். எழுவான்கரையில் நின்று வாவிக்கு அப்பால் படுவான்கரையைப் பார்ப்பவருக்கு மேற்கு அடிவானம் நன்றாகத் திறந்திருக்கும். ஆனால் அந்தி வெளிச்சம் குறையுமுன், அரை மணி நேரத்துக்குள், அத்தகைய பிறையும் இறங்கிவிடும். வானம் தெளிந்திருந்தாலும் வெறுங்கண்ணுக்கு அது எட்டாது. பிறை தென்படவில்லை என்ற முடிவின்படி நாட்டில் மார்ச் 2 அன்று நோன்பு தொடங்கியது.

மக்காவில் சூரியன் மறைவது நமக்கு இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் பிந்தி. அதற்குள் சந்திரன் மேலும் ஒன்றரைப் பாகையளவு விலகியிருந்தது. வயதும் பதினான்கரை மணி நேரத்தைத் தாண்டியிருந்தது. சவூதி அரேபியா மார்ச் 1 அன்று நோன்பைத் தொடங்கியது. உலகில் எங்கு கண்டாலும் போதும் என்ற சர்வதேசப் பிறைக் கருத்துடையோருக்கு அதுவே முதல் நாள்.

இங்கே இரு தரப்பாரும் தத்தம் அடிப்படைக்கு உண்மையாகவே நடந்தனர். உள்நாட்டுப் பிறையினர் ஷாஃபிஈ மத்ஹபில் வலுவாக உள்ள ‘மத்லஃ’ என்னும் உதய எல்லைக் கோட்பாட்டை முன்வைக்கின்றனர். சிரியாவில் பிறை கண்ட செய்தியைக் குரைப் மதீனாவுக்குக் கொண்டுவந்தபோது இப்னு அப்பாஸ் அதனைத் தம் ஊருக்கு ஏற்கவில்லை என்ற ஸஹீஹ் முஸ்லிம் செய்தி அவர்களது ஆதாரம். மற்றத் தரப்பு, பிறை கண்டு நோன்பு பிடிக்கும் கட்டளை உம்மத் முழுவதற்கும் பொது என்கிறது. எந்தத் தொலைநோக்கியும் இதைத் தீர்த்துவைக்காது. இது வானியல் வழக்கே அன்று. ஆனால் எந்த ஆண்டில் இந்த ஒரு நாள் வேறுபாடு நேரும் என்பதைச் சங்கம நேரத்தைக் கொண்டு முன்கூட்டியே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

சாட்சியக் கேள்வியின் இயல்பு வேறு. அதன் மிக அருகிலான எடுத்துக்காட்டு நோன்பின் முடிவைப் பற்றியது: 2013 ஓகஸ்ட் 7 மாலை, திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியாவில் ஷவ்வால் பிறை கண்டதாகப் பலர் கூறினர். அதிகாலை 3.20 அளவில் சங்கமமான அப்பிறைக்கு அப்போது வயது 15 மணி நேரம். வெறுங்கண்ணின் எல்லையை உரசும் வயது. தேசிய அறிவிப்பு அச்சாட்சியத்தை ஏற்காமல் 9ஆம் திகதியைப் பெருநாளாக்கியது. கிண்ணியாவிலோ 8ஆம் திகதியே பெருநாள். இங்கே இரு தரப்பும் உள்நாட்டுப் பிறையையே ஏற்றவர்கள். பிளவு கண்டவரை நம்புவதில்தான். தேசிய முடிவைக் கொழும்பு பெரிய பள்ளிவாசலும் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவும் முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களமும் சேர்ந்தே எடுக்கின்றன. கண்டவர் கிழக்கில், தீர்ப்பு மேற்கில் என்ற தூரம் மனத்தாங்கலை வளர்க்கிறது.

ஷாஃபிஈ சட்டத்தில் ரமழானின் தொடக்கத்துக்கு நேர்மையான ஒருவரின் சாட்சியமே போதும். இதனாலேயே விசாரணை முறை கறாராக இருக்க வேண்டும்: எத்தனை மணிக்குக் கண்டார், மறைந்த சூரியனுக்கு எப்பக்கம், பிறையின் கொம்புகள் எத்திசை நோக்கின, எவ்வளவு நேரம் நின்றது? இவற்றைக் கணிப்போடு ஒப்பிட்டால் மேகக் கீற்றையும் பிறையையும் பிரித்தறியலாம். கணிப்பு மாதத்தைத் தொடங்கிவைக்க வேண்டியதில்லை. நிகழ முடியாத சாட்சியத்தை விலக்கினால் போதும். பிறை இருக்கக்கூடிய மாலையில் வரும் சாட்சியத்தை அதே இரவில், அதே ஊரில், வாவிக்கரை உலமாக்கள் முன்னிலையில் விசாரிக்க வேண்டும்.

இதற்கு அவசரமும் உண்டு. ரமழான் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னகர்ந்து, 2030இல் ஜனவரியிலும் டிசம்பரிலுமாக இருமுறை தொடங்கவுள்ளது. அது கிழக்கின் மாரி காலம். வாவியின் மேல் மேகம் மூடியிருக்கையில், நாட்டின் மேற்குக் கரையின் சாட்சியத்தை இங்குள்ளோர் நம்ப வேண்டிவரும். தம் சாட்சியமும் மதித்து விசாரிக்கப்படும் என்று கண்டறிந்த ஊரே அந்த நம்பிக்கையைத் திருப்பித் தரும்.