99.2 காய்ச்சலா, இல்லையா?

ஏற்காட்டுல காபித் தோட்ட வேலை பார்த்த 78 வயசுப் பாட்டி. காலையிலிருந்து சாப்பிடல, பேச்சுல குழப்பம். தெர்மாமீட்டர்ல 99.2. "காய்ச்சல் இல்ல சார், மலைக் குளிர்தான்"னு சொன்னார் மகன்.

100-ஐத் தாண்டினாதான் காய்ச்சல்ங்கற நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

1868-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகர மருத்துவர் வுண்டர்லிச், ஆயிரக்கணக்கான நோயாளிகளின் அக்குள் சூட்டைக் குறித்துவைத்து, 98.6 இயல்பு, 100.4-க்கு மேல் காய்ச்சல் என்று எழுதினார். வயதானவர்களுக்குச் சூடு சற்றுக் குறைவு என்றும் எழுதினார். எண்கள் நிலைச்சுது, இது மறந்துபோச்சு.

வயசானா உடம்பு சூட்டை உண்டாக்குறதும் குறையும், கிருமிக்கு எதிரா சூட்டை ஏத்துறதும் குறையும்.

அதனால 2008-ல் அமெரிக்கத் தொற்றுநோய் சங்கம், முதியோர் இல்லங்களுக்கு வேறு அளவு சொன்னது. வாயில் ஒரு தடவை 100-க்கு மேல், அல்லது திரும்பத் திரும்ப 99-க்கு மேல், அல்லது வழக்கமான சூட்டைவிட 2 டிகிரி கூடுதல். இதில் ஒன்று இருந்தாலே காய்ச்சல்.

பாட்டியோட பழைய சீட்டைப் பார்த்தேன். கண் ஆபரேஷனுக்கு வந்தப்போ 96.8. அப்போ இன்னைக்கு 2.4 டிகிரி ஏறியிருக்கு! மூச்சு நிமிஷத்துக்கு 28. எக்ஸ்ரேயில் நிமோனியா.

வீட்டுப் பெரியவங்க நல்லா இருக்கும்போதே, சில நாள் காலையில, காபிக்கு முன்னாடி சூடு பார்த்து எழுதி வைங்க. சிலருக்கு அதுவும் ஏறாது. திடீர்க் குழப்பம், வேகமான மூச்சு இருந்தா, தெர்மாமீட்டர் என்ன சொன்னாலும் கூட்டிட்டு வாங்க.