11க்குப் பிறகு ஏன் 10? கார்னோ வரைபடத்தின் கதை



பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கும் எமதூர்ப் பிள்ளைகள் சிலர் டிஜிட்டல் இலத்திரனியல் ஸ்லைட்களை அனுப்பி ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "சேர், கார்னோ வரைபடத்தில் நிரல்கள் 00, 01, 11, 10 என்று ஏன் போகின்றன? 10 முதலில் வரவேண்டாமா?" ஸ்லைட்டில் வரிசை இருக்கிறது, காரணம் இல்லை. அந்தக் காரணத்துக்குள் ஒரு வரலாறே இருக்கிறது.

மின்சுவிட்ச்களை பூலியன் அட்சரகணிதத்தால் எழுதலாம் என்று க்ளோட் ஷனன் 1938இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டினார். அன்று சுற்றுகள் ரிலேக்களாலும் வெற்றிடக் குழாய்களாலும் செய்யப்பட்டன. ஒரு படலை கூடினால் செலவும் கூடும், பழுதாகும் இடமும் ஒன்று கூடும். ஆகவே கோவையைச் சுருக்குவது காசு சம்பந்தப்பட்ட விடயம். ஆனால் அட்சரகணிதத்தால் மட்டும் சுருக்கும்போது எந்த இரண்டு உறுப்புகள் சேரும் என்பது கண்ணுக்குத் தெரியாது.

சேரும் விதி ஒன்றுதான். இரண்டு உறுப்புகளுக்கிடையே ஒரேயொரு மாறி மட்டும் வேறுபட்டால் அந்த மாறி கழன்றுவிடும். AB + AB' என்பது A ஆகிவிடும்.

1952இல் எட்வர்ட் வீச் என்ற அமெரிக்கர் உண்மை அட்டவணையைக் கட்டங்களாக வரைந்து, சேரக்கூடியவற்றைக் கண்ணால் தேடும் முறையை முன்வைத்தார். இதையொத்த கட்டப் படத்தை அலன் மார்குவான்ட் 1881இலேயே தர்க்கவியலுக்காக வெளியிட்டிருந்தார். பின்னாளில் அவர் பிரின்ஸ்டனில் கலை வரலாற்றுப் பேராசிரியரானார். வீச்சின் கட்டங்கள் சாதாரண எண்ணும் வரிசையில், 00, 01, 10, 11 என்று இருந்தன. அதனால் சேரவேண்டிய கட்டங்கள் சில தூரத்தில் பிரிந்து கிடந்தன.

அடுத்த வருடம், 1953இல், பெல் ஆய்வுகூடத்தின் மொரிஸ் கார்னோ வரிசையை மட்டும் மாற்றினார். 00, 01, 11, 10. ஒவ்வொரு அடியிலும் ஒரு பிட் மட்டுமே மாறுகிறது. அதே ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பிராங்க் கிரேயின் பெயரால் இவ்வரிசையை இன்று கிரே குறி என்கிறோம். பக்கத்துக் கட்டம் என்றால் ஒரு மாறிதான் வேறு என்ற நிலை இதனால் வந்தது. கடைசி 10இலிருந்து முதல் 00க்கு வந்தாலும் ஒரு பிட்தான் மாறும். அதனால்தான் இடது ஓரமும் வலது ஓரமும் அயலவை என்கிறார்கள். தாளைக் குழாயாகச் சுருட்டிப் பாருங்கள், விளங்கும்.

ஓர் உதாரணம் செய்வோம். மூன்று பேர் வாக்களிக்கிறார்கள், இரண்டு பேராவது ஆம் என்றால் வெளியீடு 1.

```
BC    00  01  11  10
A=0    0   0   1   0
A=1    0   1   1   1
```

அட்டவணையை அப்படியே எழுதினால் A'BC + AB'C + ABC' + ABC. இதற்கு மூன்று நொட் படலைகள், மூன்று உள்ளீடு கொண்ட நான்கு அன்ட் படலைகள், ஓர் ஓர் படலை வேண்டும்.

இப்போது சோடிகளை வளையமிடுங்கள். 11 நிரலின் மேலும் கீழும் சேர்ந்தால் A கழன்று BC. கீழ் நிரையில் 01உம் 11உம் சேர்ந்தால் AC. 11உம் 10உம் சேர்ந்தால் AB. நடுவிலுள்ள 1ஐ மூன்று தடவை பயன்படுத்தியிருக்கிறோம், அதில் தவறில்லை.

F = AB + BC + AC. இரண்டு உள்ளீடு கொண்ட மூன்று அன்ட், ஓர் ஓர். நொட் ஒன்றுகூட வேண்டாம்.

இதையே 00, 01, 10, 11 என்று வரைந்தால் என்ன நடக்கும்? கீழ் நிரை 0, 1, 1, 1 என்றே வரும், பார்வைக்கு எந்தக் குறையும் தெரியாது. ஆனால் நடுவில் ஒட்டி நிற்கும் 01க்கும் 10க்கும் இடையே B, C இரண்டுமே மாறுகின்றன. அவற்றை வளையமிட்டு "இரண்டும் மாறுகின்றன, இரண்டையும் விடுவோம்" என்று A மட்டும் எழுதிவிடுவார்கள். A=1, B=0, C=0 என்று போட்டுப் பாருங்கள். ஒருவர்தான் ஆம் சொன்னார், ஆனால் விடை 1 வருகிறது. சுற்று பொய் சொல்கிறது. மறுபக்கம், AC தரவேண்டிய 01உம் 11உம் பிரிந்துபோய்க் கண்ணில் படாது.

ஆகவே சுருக்கி முடித்ததும் 0 உள்ள கட்டமொன்றை எடுத்து விடையில் பிரதியிடுங்கள். 1 வந்தால் வளையம் எங்கோ தவறு. ஆனால் வளையத்தைச் சிறிதாகப் போட்டிருந்தால் இந்தச் சோதனை காட்டாது. விடை சரியாகவே வரும், படலைதான் வீணாகும். அதற்கு, ஒவ்வொரு வளையத்தையும் இரட்டிப்பாக்க முடியுமா என்று ஓரங்களையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

நான்கு மாறிக்கு 16 கட்டம், கண் பிடிக்கும். ஆறுக்கு 64, கண் தடுமாறும். அதற்குத்தான் குவைனும் மெக்லஸ்கியும் 1950களில் உருவாக்கிய அட்டவணை முறை. அதைக் கணினியிடம் கொடுத்துவிடலாம். கார்னோவின் கட்டம் மனிதக் கண்ணுக்காகச் செய்யப்பட்டது. நிரல்களின் தலைப்பைப் பிழையாக எழுதினால் அந்தப் பயன் போய்விடும்.

சந்தேகம் இருந்தால் கீழே எழுதுங்கள், இன்ஷா அல்லாஹ் சேர்ந்து பார்ப்போம்.