செவியும் கிவியும்: ஒரு மாணவனுக்குத் தர மறந்த பதில்



ஓசூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியராக இருந்தேன். வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு வீட்டு மொழி தெலுங்கு அல்லது கன்னடம். ஒருநாள் கரும்பலகையில் திராவிட மொழிக் குடும்பத்தை மரமாக வரைந்து, தமிழுக்குக் கன்னடம் நெருங்கிய உறவு, தெலுங்கு சற்றுத் தள்ளிய உறவு என்றேன். தெலுங்கு வீட்டுப் பையன் ஒருவன் எழுந்தான்.

"ஐயா, காதை நீங்க செவின்னு சொல்றீங்க. எங்க வீட்லயும் செவிதான். கன்னடத்துலதான் கிவி. அப்புறம் எப்படி அவங்க நெருக்கம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "உட்காரு, பாடத்தைக் கவனி" என்று அடக்கிவிட்டேன். ஓய்வுபெற்ற பிறகு படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

மொழிகளை மரமாக வரையும் வழக்கத்தைப் பரப்பியவர் ஜெர்மானிய அறிஞர் அகஸ்ட் ஷ்லைகர். 1853இல் அவர் வரைந்த மரம் வெளிவந்தது. தாய்மொழி ஒன்று கிளைபிரிகிறது, பிரிந்த கிளைகள் தனித்தனியே வளர்கின்றன என்பது அதன் கருத்து. எந்த மொழி எந்தக் கிளை என்று அறிவதற்கு ஒரு விதி உண்டு. பழையதை இருவர் காப்பாற்றி வைத்திருந்தால் அது நெருக்கத்துக்குச் சான்றல்ல. பாட்டி வீட்டுப் பாத்திரம் எந்தப் பேரனிடமும் இருக்கலாம். புதிதாக ஏற்பட்ட மாற்றத்தை இருவரும் பகிர்ந்துகொண்டால்தான் சான்று.

ஓர் எடுத்துக்காட்டு. 'அவள்' என்று பெண்ணுக்குத் தனிச்சொல் தமிழில் உண்டு; கன்னடத்தில் 'அவளு'. தெலுங்கில் பழைய முறைப்படி பெண்ணுக்கும் பொருளுக்கும் 'அதி' ஒன்றே. மரியாதைக்கு 'ஆமெ' என்றாலும் வினை மாறுவதில்லை: 'ஆமெ வச்சிந்தி', 'பஸ்ஸு வச்சிந்தி'. 'அவள்' என்பது தமிழ், மலையாளம், கன்னடம் ஆகியவற்றின் பொதுத் தாயிடம் தோன்றிய புதுமை என்கிறார் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி. இதை மரம் நன்றாக விளக்குகிறது.

இப்போது பையனின் கேள்வி. தமிழிலும் மலையாளத்திலும் தெலுங்கிலும் 'செவி'. கன்னடத்தில் 'கிவி', நீலகிரிக் கோத்தர் மொழியில் 'கெவ்', நடு இந்தியாவின் கோண்டி மொழியில் 'கெவி'. தொலைவில் உள்ள மொழிகளும் ககரத்தையே வைத்திருப்பதால் அதுதான் பழையது. இ, எ போன்ற உயிர்களுக்கு முன் ககரம் சகரமானது பிந்திய மாற்றம்.

சிக்கல் இங்கேதான். கோத்தரும் கன்னடமும் தமிழின் கிளை. கோண்டி தெலுங்கின் கிளை. இரு கிளையிலும் மாறாதவர்கள் இருக்கிறார்கள். ஆகவே இந்த மாற்றம் தமிழுக்கும் தெலுங்குக்கும் பொதுவான தாயிடமிருந்து வந்திருக்க முடியாது. மரத்தில் இதை வைக்க இடமில்லை.

ஷ்லைகரின் மாணவர் யோகானஸ் ஷ்மிட் 1872இல் வேறு படம் காட்டினார். குளத்தில் கல் எறிந்தால் வட்டம் பரவுவதுபோல், ஒரு மாற்றம் ஓரிடத்தில் தொடங்கி அண்டை வீட்டுப் பேச்சுக்கும் பரவும்; கிளை எல்லையைப் பார்க்காது. தமிழும் தெலுங்கும் பக்கத்துப் பக்கத்து நிலங்கள். மேற்கே கன்னடத்தையும் மலைமேல் கோத்தரையும் வடக்கே கோண்டியையும் அந்த அலை எட்டவில்லை என்று கொண்டால் படம் பொருந்துகிறது.

ஆனால் அலை என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடாது. தமிழில் பின்னால் ட, ண, ள, ழ வந்தால் ககரம் மாறவில்லை: கெடு, கிளி, கேள், கிழவன். தெலுங்கிலோ அங்கும் மாறிவிட்டது: 'செடு', 'சிலுக'. ஒரே மாற்றம் பரவும்போது விதி தளர்ந்ததா, இரண்டு இடத்திலும் தனித்தனியே நடந்ததா என்று கேட்க இடமிருக்கிறது. இவ்வகை மாற்றம் உலகில் அடிக்கடி நடப்பதுதான். லத்தீனில் 'கென்டும்' என்ற நூறு இத்தாலியத்தில் 'சென்தோ' ஆனது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்று நானே மேடையில் பேசியிருக்கிறேன். 'செவி'யிலிருந்து 'கிவி' வர வழியில்லை; இந்தச் சொல்லில் பழைய ககரத்தைக் காத்தது கன்னடம். இரண்டும் ஒரு தாயின் பிள்ளைகள், தாயும் மகளும் அல்ல.

அந்தப் பையனிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: "தம்பி, 'அவள்' கன்னடத்தோடு நமக்குள்ள ரத்த உறவைக் காட்டுகிறது. 'செவி' உங்களோடு வந்த பக்கத்து வீட்டுப் பழக்கமாக இருக்கலாம். இரண்டும் உண்மை. நல்ல கேள்வி கேட்டாய்."

தெலுங்கோ கன்னடமோ பேசும் வீட்டு நண்பர்கள், கெடு–செடு போல வேறு இணைகள் நினைவுக்கு வந்தால் கீழே எழுதுங்கள்.