மாலை வரை ஒரு தீட்டு

தீட்டு என்னும் சொல் தமிழகத்தில் இரு வழிபாட்டு மரபுகளுக்குப் பொதுவாக வழங்குகிறது. மதுரையைச் சூழ்ந்த ஊர்களில் சாவு வீட்டைச் சுட்டவும், மாதவிலக்கைச் சுட்டவும் அச்சொல்லே ஆளப்படுகிறது. எபிரேய மறைநூலின் லேவியராகமத்தைத் தமிழாக்கியோரும் யூதரின் விலக்கு விதிகளைக் குறிக்க இச்சொல்லையே கையாண்டனர். சொல் ஒன்றாயினும் பொருள் ஒன்றுதானா என்பதே சமய மானிடவியலை முதன்முதலாகக் கற்கும் இளங்கலை மாணவர்முன் வைக்கத்தக்க வினாவாகும்.

இவ்வொப்பீடு ஏட்டளவில் தோன்றியதன்று. 1966இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற நூலில் மேரி டக்ளஸ், தீட்டுப் பற்றிய சிந்தனையைத் தம்முள் முதலில் தூண்டியவர் இருவர் என முன்னுரையில் நன்றியுடன் குறிக்கிறார். ஒருவர் மைசூரைச் சேர்ந்த எம். என். சீனிவாஸ், மற்றவர் பிராகு நகரில் பிறந்த பிரான்சு ஸ்டெய்னர். ஒருவர் பிராமணர், ஒருவர் யூதர். ஆக்ஸ்போர்டில் பணியாற்றிய அவ்விருவரும் தத்தம் மரபின் தூய்மை விதிகளை அன்றாட வாழ்வில் எதிர்கொண்டதைக் கண்டே அவ்வறிஞருக்கு இத்துறையில் நாட்டம் பிறந்தது.

ஒப்புமைகள் எளிதில் புலப்படுகின்றன. இரு மரபிலும் சாவும் குருதியும் மகப்பேறும் தீட்டுத் தருவன. இரண்டிலும் காலமும் நீரும் அதனை நீக்குவன. தமிழக வழக்கில் மாதவிலக்குற்ற பெண் பெரும்பாலும் மூன்று நாள் ஒதுங்கி நான்காம் நாள் நீராடுவாள். யூத மரபில் குருதி நின்றபின் ஏழு தூய நாட்களைக் கணக்கிட்டு, ‘மிக்வே’ எனப்படும் குளத்தில் மூழ்கி எழ வேண்டும். அக்குளத்து நீர் மழையாலோ ஊற்றாலோ தானே சேர்ந்ததாக இருத்தல் வேண்டும். குடத்தில் முகந்து ஊற்றிய நீர் மட்டும் போதாது. கிணற்று நீரினும் ஆற்று நீரே சிறந்தது எனக் கருதும் வைகைக்கரை மக்களுக்கு இவ்விதியின் உள்ளம் எளிதில் விளங்கும்.

எனினும், ஒப்புமைகளை அடுக்கிக் காட்டுவதோடு நின்றுவிடும் மாணவர் பெரும்பிழை செய்தவராவார். தீட்டை நீக்குபவருக்கு என்ன நேர்கிறது என்று வினவும்போதுதான் இரு மரபும் பிரிகின்றன.

எண்ணாகமத்தின் பத்தொன்பதாம் அதிகாரம் பிணத்தைத் தொட்டவருக்கு ஏழு நாள் தீட்டு என விதிக்கிறது. செந்நிறக் கிடாரி ஒன்றை எரித்து, அச்சாம்பல் கலந்த நீரை மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் அவர்மேல் தெளிக்க வேண்டும். இதில் வியப்புக்குரியது ஒன்றுண்டு. கிடாரியை எரித்தவரும், சாம்பலை வாரியவரும், தெளித்தவரும் தூய்மை தரும் தொழிலால் தாமே தீட்டடைகின்றனர். ஆனால், அது மாலை வரை நீடிக்கும் தீட்டே. ஆடை துவைத்துக் கதிரவன் மறைந்ததும் அவர் மீண்டும் பிறரோடு ஒப்பாகிறார். பணி முடிந்தது, தீட்டும் முடிந்தது.

மதுரை வட்டாரத்துச் சிற்றூரில் இதே பணி வேறுவிதமாகப் பகுக்கப்பட்டிருந்தது. சாவு வீட்டுத் துணியை வண்ணார் வெளுத்தார். மயிரை நாவிதர் மழித்தார். சுடலையை வெட்டியான் காத்தார். அவர்தம் உழைப்பால் அவ்வீட்டார் கருமாதி முடிந்து தூயவராயினர். ஆயின், தீட்டைச் சுமந்தவருக்கு மாலைப்பொழுது வரவேயில்லை. அவர் மக்களும் மக்களின் மக்களும் அதனைச் சுமந்தனர். 1949–50ஆம் ஆண்டுகளில் மதுரைக்கு மேற்கே பிறமலைக் கள்ளரிடையே களஆய்வு நிகழ்த்திய பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோன், தூய்மைக்கும் தீட்டுக்கும் உள்ள எதிர்நிலையே சாதி அடுக்கின் அடித்தளம் எனப் பின்னாளில் வாதிட்டார். அடுக்கை நிலைநிறுத்திய நிலவுடைமையையும் அதிகாரத்தையும் அவர் குறைத்து மதிப்பிட்டார் என்னும் மறுப்பு வலிமையுடையதே. எனினும், கடந்துசெல்லும் தீட்டு நிலைத்த தீட்டாக உறைந்ததை அவர் சரியாகவே கண்டார்.

நாட்கணக்கிலும் இவ்வேறுபாடு தோன்றுகிறது. பிணத்தீட்டு இஸ்ரவேலர் எவருக்கும் ஏழு நாளே. குருக்கள் பிணத்தை அணுகத் தடையுண்டாயினும், தீட்டின் கால அளவு மாறுவதில்லை. மனுநூலோ பிராமணருக்குப் பத்து, சத்திரியருக்குப் பன்னிரண்டு, வைசியருக்குப் பதினைந்து, சூத்திரருக்கு ஒரு திங்கள் எனப் பிறப்புக்கேற்ப நாட்களை வகுக்கிறது.

நிலைத்த தீட்டு நீதிமன்றப் படியேறிய வரலாறும் இம்மண்ணில் உண்டு. 1897 மே திங்களில் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுள் நாடார் சிலர் சென்று வழிபட்டனர். கோயிலின் பரம்பரை அறங்காவலரான இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி, அவர்களைத் தடுக்கவும், கோயிலைச் சுத்தி செய்யும் செலவைப் பெறவும் வழக்குத் தொடுத்தார். 1899இல் மதுரைச் சார்பு நீதிமன்றம் நாடாருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது; 1908இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் அதனை உறுதி செய்தது. இங்கு நோக்கத்தக்கது ஒன்று. வழிபட்டவர் நீராடினால் தீரும் என எவரும் வாதிடவில்லை. தீட்டு அவர் செயலில் இல்லை, பிறப்பில் உள்ளது எனக் கொண்டமையால், கழுவ வேண்டியதாகக் கருதப்பட்டது கோயிலே.

1939 சூலை 8ஆம் நாள் அ. வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட ஆதிதிராவிடரையும் நாடார் ஒருவரையும் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் அழைத்துச் சென்றபோதும் இதே வாதம் எழுந்தது. பட்டர் பலர் கோயில் தீட்டுப்பட்டதெனக் கூறிப் பணியிலிருந்து விலகினர். நிருவாக அதிகாரி ஆர். எஸ். நாயுடு அதற்கு இணங்கவில்லை. இராசாசி அரசு அவ்வாண்டே நுழைவுக்குச் சட்டக் காப்பு வழங்கியது. விலகியோர் 1945 அளவில்தான் திரும்பினர்.

இவ்வளவில் நிறுத்தின், யூத மரபு விலக்கே அறியாதது என்னும் மயக்கம் நேரும். எருசலேம் ஆலயத்தில் வேற்றினத்தார் கடக்கலாகாத தடுப்பு ஒன்று இருந்தது. மீறுவோர் சாவுக்குத் தாமே பொறுப்பு என எச்சரிக்கும் கிரேக்கக் கல்வெட்டு 1871இல் கண்டெடுக்கப்பட்டது. தம்முள்ளும் பிரிவினை கண்ட யூதருக்குச் சான்று கொச்சியிலேயே உண்டு. அங்கு விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழியினர் யூதராயினும், பரதேசி யூதர் அவர்களுக்குத் தம் தொழுகைக்கூடத்தில் சம உரிமை தர மறுத்தனர். பதினாறாம் நூற்றாண்டிலேயே, கெய்ரோவில் வாழ்ந்த ரபி டேவிட் இப்னு சிம்ரா, ஐயத்திற்குரியோர் முறைப்படி நீரில் மூழ்கி எழுந்தால் முழு யூதரே எனத் தீர்ப்புரைத்திருந்தார். நூல் கழுவியதை ஊர் கழுவ மறுத்தது. அவ்வழியில் வந்த வழக்கறிஞர் ஏ. பி. சேலம், இருபதாம் நூற்றாண்டில் காந்தியடிகளின் சத்தியாக்கிரக நெறியில் அக்கூடத்துள் போராட வேண்டியதாயிற்று.

ஆகவே, எபிரேய நூல் தன் மக்களுள் எவரையும் பிறப்பால் தீட்டுடையோர் என ஆக்கவில்லை எனலாம். யூத ஊர் அவ்வாறு செய்யாதிருந்தது எனக் கூற இயலாது. தீட்டு விதியை ஆராய்வோர் எது தீட்டு என்பதோடு, அது எப்போது தீரும், யாருக்குத் தீராது என்பதையும் கேட்டல் வேண்டும். கமுதியிலும் மதுரையிலும் கொச்சியிலும் மக்கள் கேட்டது அந்த ஒரு மாலைப்பொழுதையே.