எடை ஏறுது... தசையா, தொப்பையா? ஷிஃப்ட் வேலைக்காரர்களுக்கான லீன் பல்க் கணக்கு!

சேதராப்பட்டு தொழிற்பேட்டை மாதிரி இடத்துல ஷிஃப்ட் முடிச்சுட்டு நேரா ஜிம்முக்குப் போறவரா நீங்க? 'மச்சி, நல்லா சாப்பிடு, வெயிட் ஏத்து, அப்புறம் பார்த்துக்கலாம்' என்ற அட்வைஸ் கட்டாயம் கிடைத்திருக்கும். சாப்பிட்டால் எடை ஏறும்தான். ஆனால், ஏறுவது என்ன என்பதுதான் கேள்வி. நார்வேயின் முன்னணி விளையாட்டு வீரர்களை வைத்து செய்து 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு குழு திட்டமிட்டு அதிகமாகச் சாப்பிட்டது. இன்னொரு குழு இஷ்டம்போல சாப்பிட்டது. இரண்டு குழுவுக்கும் ஒரே மாதிரி வெயிட் டிரெயினிங். அதிகம் சாப்பிட்டவர்களுக்கு எடை கூடுதலாக ஏறியது. ஆனால், தசையில் பெரிய வித்தியாசம் இல்லை. கொழுப்புதான் நன்றாக ஏறியிருந்தது. ஒல்லியாகத் தெரிந்தாலும் வயிற்றில் கொழுப்பு சேரும் உடல்வாகு நம்மூரில் அதிகம் என்பதால், நாம் இன்னும் நிதானமாகப் போவது நல்லது.

நிதானம்னா எவ்வளவு? வாரத்துக்கு உடல் எடையில் கால் முதல் அரை சதவிகிதம். நீங்கள் 60 கிலோ என்றால், வாரத்துக்கு 150 முதல் 300 கிராம். இதற்குத் தினமும் சுமார் 250 கலோரி கூடுதலாகப் போதும். இரண்டு அவித்த முட்டை, ஒரு வாழைப்பழம், அவ்வளவுதான். மொத்தப் புரதம் கிலோவுக்கு 1.6 கிராம் கணக்கில், நாளுக்கு 96 கிராம் பக்கம் வரட்டும்.

பயிற்சி வாரத்துக்கு நான்கு நாள். இரண்டு நாள் மேலுடல், இரண்டு நாள் கால். ஒவ்வொரு தசைக்கும் வாரத்துக்கு 10 செட் பக்கம் வந்தால் போதும். ஒவ்வொரு செட்டையும் 'இன்னும் ரெண்டு ரெப்ஸ் போட்டிருக்கலாம்' என்ற இடத்தில் நிறுத்துங்கள். 8 ரெப்ஸில் தொடங்கி, மூன்று செட்டிலும் 12 வந்த பிறகுதான் எடையைக் கூட்ட வேண்டும். நிறைய ஜிம்களில் இருக்கிற சின்ன பிளேட்டே 2.5 கிலோ, இரண்டு பக்கமும் மாட்டினால் ஒரேயடியாக 5 கிலோ ஏறிவிடும். அதனால், முதலில் ரெப்ஸை ஏற்றுவதே வழி. நைட் ஷிஃப்ட் வாரத்தில் ஒவ்வொரு பயிற்சியிலும் ஒரு செட்டைக் குறைத்துவிடுங்கள்.

இப்போ முக்கியமான விஷயம். நைட் ஷிஃப்ட்டில் தூக்கம், சாப்பாடு, தண்ணீர் எல்லாமே மாறும். அந்த வார எடையைப் பகல் ஷிஃப்ட் வார எடையோடு ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். வாரம் ஒரு ஷிஃப்ட் என மூன்றும் சுழன்றால், மூன்று வாரத்துக்கு ஒருமுறை அதே ஷிஃப்ட் திரும்பி வரும் இல்லையா? அதுதான் உங்கள் செக்பாயின்ட். காலை ஷிஃப்ட் வாரத்தை இன்னொரு காலை ஷிஃப்ட் வாரத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். எழுந்து, பாத்ரூம் போய் வந்து, சாப்பிடும் முன்பு தினமும் எடை பார்த்து, ஏழு நாள் சராசரி எடுங்கள். தொப்புளைச் சுற்றி டேப் வைத்து ஒருமுறை அளந்து, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கூடுதல் சாப்பாடு ஆரம்பித்த உடனே எடை எகிறும். அது தண்ணீரும், குடலில் இருக்கும் உணவும்தான். அதனால், ஒரு வாரமாவது கழித்து வரும் காலை ஷிஃப்ட் வாரத்தையே தொடக்கமாக வையுங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். தொடக்கத்தில் சராசரி 60 கிலோ, இடுப்பு 78 செ.மீ. பெஞ்ச் பிரஸ்ஸில் 40 கிலோவுக்கு 8, 7, 6 என மொத்தம் 21 ரெப்ஸ். மூன்று வாரம் கழித்து 60.7 கிலோ. ஏற வேண்டியது 450 முதல் 900 கிராம், ஏறியிருப்பது 700. ரெப்ஸ் 26, இடுப்பு அதே 78. எதையும் மாற்ற வேண்டாம்.

ஆறாவது வாரம் 61.9 கிலோ. 'சூப்பர், 1.2 கிலோ ஏறிடுச்சு' என்று தோன்றும். ஆனால், ரெப்ஸ் 27-தான், இடுப்பு 79.5. எடை வேகமாக ஏறி, பலம் நின்று, இடுப்பு பெருத்தால் கொழுப்பு சேர்கிறது என்று அர்த்தம். இங்கே பலர் செய்யும் தப்பு, இன்னும் ரெண்டு செட் சேர்ப்பது. முதலில் தூக்கத்தைப் பாருங்கள். ஓவர்டைம் பார்த்து ஐந்து மணி நேரம்தான் தூங்கினீர்களா? அதைச் சரிசெய்து, சாப்பாட்டில் 150 கலோரியைக் குறையுங்கள். நம் கணக்கில் ஒன்பதாவது வாரம் 62.5 கிலோ, ரெப்ஸ் 31, இடுப்பு 79.5-லேயே நிற்கிறது. பழைய பாதைக்கு வந்தாச்சு.

இதற்குத் தலைகீழாகவும் நடக்கும். ரெப்ஸ் ஏறும், எடை அசையாது. புதிதாக ஜிம்முக்கு வந்தவர் என்றால் ஒரு சுற்று பொறுத்துப் பாருங்கள். முதல் சில வாரங்களில் தசை வளர்வதைவிட, தூக்கும் விதம் பழகுவதால்தான் பலம் ஏறும். அடுத்த செக்பாயின்ட்டிலும் எடை அப்படியே இருந்தால் 200 கலோரி கூட்டுங்கள். எடையும் ஏறாமல் ரெப்ஸும் ஏறவில்லை என்றால், லீவு நாளில் சாப்பாட்டைத் தவிர்க்கிறீர்களா என்று பாருங்கள். கேன்டீன் இல்லாத நாள்களில்தான் கணக்கு பெரும்பாலும் உதைக்கும்.

இடுப்பு 90 செ.மீட்டரை நெருங்கினால், செக்பாயின்ட்டுக்குக் காத்திருக்காமல் பல்க்கை அங்கேயே நிறுத்திவிடுங்கள். இந்திய ஆண்களுக்கு டாக்டர்கள் சொல்லும் எல்லை அதுதான்.