செங்கலடியில் டொலர் வைத்திருந்தவர்களின் கணக்கு

பதுளையிலிருந்து இறங்கி வரும் நெடுஞ்சாலை, மட்டக்களப்பு - திருகோணமலை வீதியைச் செங்கலடிச் சந்தியில் வந்து தொடுகிறது. மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, ஏறாவூரை அடுத்து இருக்கும் இந்தச் சந்தியைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து கடந்த நாற்பது ஆண்டுகளாக மத்திய கிழக்கு நாடுகளுக்கு ஆட்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஆண்கள் சாரதிகளாகவும் கட்டடத் தொழிலாளர்களாகவும் போனார்கள். 1990 இன் பின்னர் பெண்கள் வீட்டுப் பணிப்பெண்களாகப் போனார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தைப் பற்றி நிறையவே எழுதப்பட்டாயிற்று. அனுப்பிய பணத்தை உடனே ரூபாவாக்காமல் டொலராகவே வைத்திருந்த சிலருக்கு என்ன நேர்ந்தது என்பதுதான் அதிகம் எழுதப்படவில்லை.

அந்தச் சிலர் வைத்திருந்தது 'வதியாதோர் வெளிநாட்டு நாணயக் கணக்கு'. ஊரில் அதனை என்.ஆர்.எவ்.சி. என்பார்கள். 1977 நவம்பரில் அன்றைய அரசு இரட்டை நாணயமாற்று முறையைக் கைவிட்டு ஒரு டொலரை 16 ரூபா என்ற ஒரே வீதத்துக்குக் கொண்டுவந்தது. அந்தச் சீர்திருத்தங்களை அடுத்து வந்த ஏற்பாடு இது. வெளிநாட்டில் உழைக்கும் இலங்கையர் தாம் உழைத்த நாணயத்திலேயே உள்ளூர் வங்கியில் பணத்தை வைத்திருக்கலாம். வட்டியும் அந்த நாணயத்திலேயே சேரும். விரும்பிய நாளில் ரூபாவாக்கிக்கொள்ளலாம். 2017 நவம்பரில் புதிய அந்நியச் செலாவணிச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது இந்தக் கணக்கின் பெயர் 'தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கு' என மாறியது. ஊரில் பழைய பெயர் இன்னும் மாறவில்லை.

வளைகுடாவில் உழைத்தவர்களுக்கு இதில் ஒரு வசதி இருந்தது. சவூதி றியால் 1986 முதல் ஒரு டொலருக்கு 3.75 என்று கட்டப்பட்டிருக்கிறது. ஐக்கிய அரபு இராச்சியத்தின் திர்ஹமும் அப்படியே. ஆகவே றியாதில் வாங்கிய சம்பளத்தை டொலராக மாற்றி வைப்பதில் அவர்களுக்கு நாணய ஆபத்து எதுவும் இல்லை. ஆபத்து முழுவதும் டொலருக்கும் ரூபாவுக்கும் இடையில்தான் இருந்தது. பிரித்தானியாவிலிருந்து பவுணில் வைப்புச் செய்தவர்களின் கதை வேறு. 2008 இல் பவுண் டொலருக்கு எதிராகச் சரிந்தது. அந்த ஓராண்டில் டொலருக்கு எதிராக ரூபா அதிகம் அசையாதிருந்தும், பவுண் வைப்பின் ரூபாப் பெறுமதி ஏறத்தாழ நாலிலொரு பங்கு குறைந்துபோனது.

டொலர் என்றால் ஏறிக்கொண்டேதான் போகும் என்பது நம்மவரிடம் ஊறிப்போன நம்பிக்கை. நீண்ட காலத்துக்கு அது பொய்யுமல்ல. 1977 இல் 16 ரூபாவாக இருந்தது 1990 இல் 40 ஐ எட்டியது. 2000 ஆம் ஆண்டின் முடிவில் 80 ஐத் தாண்டியது. 2001 சனவரியில் மத்திய வங்கி ரூபாவை மிதக்க விட்டபின் அந்த ஆண்டு முடிவில் 93 ஆனது. வாவிக்கரையில் இந்த நம்பிக்கைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. போர்க்காலத்தில் செங்கலடிக்கு மேற்கே கறுத்தப் பாலத்துடன் இராணுவத்தின் ஆளுகை முடிந்து மறுபக்கத்தின் ஆளுகை தொடங்கியது. சீமெந்தையும் இரும்பையும் அந்தப் பாலத்தைத் தாண்டிக் கொண்டுபோவது எளிதல்ல. வீடு கட்டினாலும் எப்போது இடம்பெயர நேரும் என்று தெரியாது. கட்டிய வீடு எரியலாம். வங்கிப் புத்தகத்திலுள்ள டொலர் எரியாது. அந்த நிலையில் அது வெறும் இலாபக் கணக்காக மட்டும் இருக்கவில்லை.

ஆனால் 2004 க்கும் 2011 க்கும் இடைப்பட்ட ஏழு ஆண்டுகளைத் தனியே எடுத்துப் பார்க்கவேண்டும். சுனாமி வந்த 2004 இன் முடிவில் ஒரு டொலர் ஏறத்தாழ 104 ரூபா 60 சதம். 2011 இன் முடிவில் 113 ரூபா 90 சதம். ஏழு ஆண்டுகளில் ஒன்பது ரூபா! அதே ஏழு ஆண்டுகளில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பொருட்களின் விலை ஏறத்தாழ இரட்டித்தது. 2008 இல் மட்டும் பணவீக்கம் 22 சதவீதத்துக்கு மேல்.

ஒரு பணிப்பெண் தன் ஐந்து ஆண்டு உழைப்பின் மிச்சமான 5,000 டொலரை 2004 முடிவில் வைப்பிட்டதாக வைத்துக்கொள்வோம். அன்று அதன் பெறுமதி 523,000 ரூபா. டொலர் வைப்புக்குச் சராசரியாக ஆண்டுக்கு 3 சதவீத வட்டி என்று கொண்டால், ஏழு ஆண்டின் பின் அது 6,149 டொலராகியிருக்கும். 2011 முடிவின் வீதத்தில் ஏறத்தாழ 700,000 ரூபா. புத்தகத்தைப் பார்த்தால் 177,000 ரூபா இலாபம். ஆனால் 2004 இல் 523,000 ரூபாவுக்கு வாங்கக்கூடியதாக இருந்ததை 2011 இல் வாங்குவதற்குப் பத்து இலட்சத்துக்கு மேல் வேண்டியிருந்தது. அதே பணத்தை 2004 இலேயே ரூபாவாக்கி, சராசரி 10 சதவீத வட்டியில் நிலையான வைப்பிலிட்டிருந்தால் 1,019,000 ரூபா கையிலிருந்திருக்கும். அதுவும் பெரிய இலாபமல்ல. விலைவாசியோடு சேர்ந்து ஓடி வந்ததுதான். டொலரோ மூன்றிலொரு பங்கு பின்தங்கி நின்றது. 3, 10 என்ற வட்டி வீதங்கள் கணக்கை எளிதாக்க நான் வைத்துக்கொண்டவை. வங்கிக்கு வங்கி, ஆண்டுக்கு ஆண்டு வேறுபட்டன. ஆனால் முடிவின் திசை மாறாது.

ஏன் இப்படி நடந்தது? டொலரின் விலையைச் சந்தை மட்டும் தீர்மானிக்கவில்லை. நாட்டில் விலைவாசி ஏறும்போது ரூபாவும் அதற்கேற்ப இறங்கவேண்டும். மத்திய வங்கி தன் கையிருப்பிலிருந்த டொலரைச் சந்தையில் விற்று அதனை இறங்கவிடாமல் பிடித்து நிறுத்தியது. 2008 இன் பிற்பகுதியில் கையிருப்பு கரைந்தது. 2009 இல் சர்வதேச நாணய நிதியத்திடம் 2.6 பில்லியன் டொலர் உதவி கேட்கவேண்டி வந்தது. 2007 இலிருந்து சர்வதேசச் சந்தையில் முறிகள் விற்றுக் கடன் வாங்கப்பட்டது. அந்த டொலர்களும் ரூபாவைத் தாங்கிப் பிடித்தன. எரிபொருள் இறக்குமதி செய்பவருக்கும் நகரத்து நுகர்வோருக்கும் இது மலிவு. அந்த மலிவின் செலவில் ஒரு பங்கை, வளைகுடாவில் வீட்டுவேலை செய்தவளின் டொலர் கணக்கு சத்தமில்லாமல் சுமந்தது. இது என் கருத்து. பொருளியலாளர்கள் சிலர் மறுக்கலாம்.

பிடித்து வைத்த வீதம் ஒருநாள் அறுந்தே தீரும். 2012 பெப்ரவரியில் ஒருமுறை அறுந்தது. சில மாதங்களில் டொலர் 130 ஐத் தாண்டியது. 2022 இல் அறுந்ததுதான் எல்லோருக்கும் தெரிந்தது. 2021 முடிவில் உத்தியோகபூர்வ வீதம் 200 ரூபா. அதே வேளையில் உண்டியலில் 240 ரூபா வரை கொடுத்தார்கள். மத்திய வங்கி, வங்கி வழியாகப் பணம் அனுப்புவோருக்கு டொலருக்கு 10 ரூபா மேலதிகமாகத் தருவதாக 2021 டிசம்பரில் அறிவித்தும் பயன் குறைவு. 2020 இல் 7.1 பில்லியன் டொலராக இருந்த தொழிலாளர் பணவனுப்பல் 2022 இல் 3.8 பில்லியனாகச் சரிந்தது. 2022 மார்ச் 7 இல் 230 ரூபா வரை என்று ஒரு எல்லையை அறிவித்தார்கள்; அது ஒரு வாரங்கூட நிற்கவில்லை. மே மாத நடுப்பகுதியில் டொலர் 360 ரூபா.

நமது 5,000 டொலர் 2021 முடிவில் 1,002,000 ரூபா. ஐந்தே மாதத்தில் 1,800,000 ரூபா. எண்பது சதவீத ஏற்றம். அந்த நாட்களில் டொலர் வைத்திருந்தவர்களைச் சுற்றியிருந்தவர்கள் பொறாமையோடு பார்த்தார்கள். ஆனால் 2022 செப்டெம்பரில் ஆண்டுப் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். சீமெந்து, எரிபொருள், பசளை எல்லாமே அதே ஏணியில் ஏறின. ஆக, டொலர்காரருக்குக் கிடைத்ததில் பெரும்பகுதி நட்டத்திலிருந்து தப்பியதுதான். உண்மையில் அழிந்தது ரூபாவில் சேமித்தவரின் பணம்.

இதற்குப் பிந்திய இரண்டு ஆண்டுகளைப் பலர் கவனிக்கவில்லை. 2022 முடிவில் டொலர் 363 ரூபா. விரைவில் 400 ஆகும், 500 ஆகும் என்று ஊரெங்கும் பேச்சு. அப்போது ஒருவர் 5,000 டொலரை அசைக்காமல் வைத்திருந்தார் என்று கொள்வோம். அன்றைய பெறுமதி 1,815,000 ரூபா. ரூபாவோ மீண்டது. 2023 முடிவில் டொலர் 324, 2024 முடிவில் 292 ரூபா 60 சதம். ஆண்டுக்கு 5 சதவீத டொலர் வட்டியும் சேர்த்து 5,512 டொலர் என்றாலும் 1,613,000 ரூபாதான். இரண்டு இலட்சம் ரூபா நட்டம். மறுபுறம், 2022 இன் கடைசி மாதங்களில் திறைசேரி உண்டியல்களுக்கு 30 சதவீதத்துக்கு மேலும், வங்கிகளின் ஓராண்டு வைப்புக்கு 20 சதவீதத்துக்கு மேலும் வட்டி கிடைத்தது. அதே பணத்தை அன்றே ரூபாவாக்கி, முதலாண்டு 20, இரண்டாமாண்டு 10 சதவீதம் என்று கணக்கிட்டாலும் 2,395,800 ரூபா. வித்தியாசம் ஏழே முக்கால் இலட்சம். செங்கலடிப் பக்கத்தில் அது ஒரு சிறிய காணியின் விலையாக இருக்கலாம்.

இவ்வளவு வட்டி ஏன் கொடுத்தார்கள் என்பதிலேயே விடை இருந்தது. ரூபா மேலும் விழும் என்று எல்லோரும் அஞ்சும்போதுதான் ரூபாவை வைத்திருக்க அவ்வளவு வட்டி கொடுக்கவேண்டியிருக்கிறது. அந்த அச்சம் நடந்தேறினால் டொலர் வெல்லும். நடக்காவிட்டால் ரூபா வெல்லும். ஆகவே டொலர் வைப்பாளர் பார்க்கவேண்டியது வீதம் ஏறுமா என்பதை மட்டுமல்ல. ரூபா வட்டிக்கும் டொலர் வட்டிக்கும் உள்ள இடைவெளியை விட அதிகமாக ஏறுமா என்பதை. 2022 முடிவில் அந்த இடைவெளி 15 சதவீதம். டொலர் வைத்திருந்தவர் தோற்காமலிருக்க, ஓராண்டில் அது 363 இலிருந்து 415 ரூபாவையாவது தாண்டியிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மேலே நான் தந்த வீதங்கள் எல்லாம் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவிலுள்ளவை. கணக்கிலுள்ள டொலரை ரூபாவாக்கும்போது வங்கி தருவது அதன் வாங்கும் விலை. 2024 முடிவில் அது 288 ரூபாவளவில் இருந்தது. அதே நாளில் டொலர் வாங்கப் போனவரிடம் 296 அல்லது 297 கேட்டார்கள். 5,000 டொலரை மாற்றியவருக்கு நடு வீதத்தைவிட ஏறத்தாழ 23,000 ரூபா குறைவாகக் கிடைத்தது. ரூபாவாக்கிய பின் மகனின் வெளிநாட்டுப் பயணத்துக்கென்று மீண்டும் டொலர் வாங்கியிருந்தால் இன்னுமொரு 20,000 ரூபாவளவில் போயிருக்கும். மாற்றும் அன்று வங்கி தரும் பற்றுச்சீட்டில் எந்த வீதம் இடப்பட்டிருக்கிறது என்பது எழுதியிருக்கும். மத்திய வங்கியின் இணையத்தளத்தில் அன்றைய வாங்கும் விலையும் இருக்கும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க அரை நிமிடம் போதும்.