pH கணக்கு: எந்தக் கட்டத்தில் எந்த ஃபார்முலா?

பிளஸ் டூ வேதியியலில் ‘அயனிச் சமநிலை’ கணக்கு என்றாலே, எந்த ஃபார்முலா போடணும் என்பதில்தான் குழப்பம். நிலக்கோட்டை பள்ளி ஆய்வகம் ஆனாலும் சென்னை ஆனாலும் வழி ஒன்றுதான். முதலில் மில்லிமோல் எண்ணுங்க. குடுவையில் மிச்சம் இருப்பதுதான் ஃபார்முலாவைச் சொல்லும்.

உதாரணமாக, குடுவையில் 0.1 M அசிட்டிக் அமிலம் 20 மி.லி., அதாவது 2 மில்லிமோல். இதன் pKa 4.74. பியூரெட்டில் 0.1 M சோடியம் ஹைட்ராக்சைடு.

தொடக்கம்: வீரியம் குறைந்த அமிலம் மட்டும்.
pH = ½(pKa − log C) = 2.87

10 மி.லி. விட்டதும்: அமிலம் 1, உப்பு 1 மில்லிமோல். இது தாங்கல் கரைசல்.
pH = pKa + log(உப்பு/அமிலம்) = 4.74
இங்கே வரைகோடு கிட்டத்தட்ட படுத்தே போகும்.

20 மி.லி.: அமிலம் தீர்ந்தது, உப்பு மட்டும். மொத்தக் கரைசல் 40 மி.லி. என்பதால் C = 0.05 M.
pH = 7 + ½pKa + ½log C = 8.72
பலர் இங்கே 0.1 என்றே போட்டு 8.87 வாங்கிடுவாங்க.

25 மி.லி.: மிச்சக் காரம் 0.5 மில்லிமோல், 45 மி.லி.யில். pH = 12.05

20 மி.லி. அருகே வரைகோடு செங்குத்தாக ஏறும். அதனால்தான் 8.3-க்கு மேல் நிறம் மாறும் பினாப்தலீன் பொருந்துகிறது. மெத்தில் ஆரஞ்சு விட்டால் 6 மி.லி. தாண்டியதுமே நிறம் மாறி, தப்பான அளவு காட்டிடும்.

அதே செறிவில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்றால்? pH 1-ல் தொடங்கும், தாங்கல் கட்டம் கிடையாது, சமான புள்ளி சரியாக 7.